இடமாற்றம் தண்டனை அல்ல

பள்ளியில் ஆசிரியர் ஒரு பிள்ளையை அடித்துவிட்டார், அல்லது சாதியைச் சொல்லி எழுப்பி நிறுத்திவிட்டார். பெற்றோர் கொதித்துப்போய் மனு கொடுக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து "என்ன ஆச்சு?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அந்த சாரை வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க." சொல்பவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அதிகாரிக்கும் நிம்மதி, தலைமையாசிரியருக்கும் நிம்மதி. இன்னொரு ஊரில், இன்னொரு சேரியின் பிள்ளைகள் அந்த ஆசிரியருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

முசரவாக்கத்தில் இருந்துகொண்டு காஞ்சிபுரம் வட்டாரத்துப் பெற்றோர்கள் எழுதும் புகார் மனுக்களைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். என் ஆய்வுக்காகத் தொடங்கியது, இப்போது மனு எழுதிக் கொடுக்கும் வேலையாகவும் ஆகிவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நம் மக்களின் கோபம் காவல் நிலையத்துக்குப் போகிறது, சாலை மறியலுக்குப் போகிறது, வாட்ஸ்அப்புக்குப் போகிறது. ஆசிரியரின் பணிப் பதிவேட்டுக்கு மட்டும் போவதில்லை. அங்கே போகாத கோபம் இடமாற்றத்தில் கரைந்துவிடுகிறது.

2022 நவம்பர் இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனுக்கு டெங்கு காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். எப்படி வந்தது என்று அம்மா விசாரித்தபோது, தினமும் பள்ளிக் கழிப்பறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவதாகவும், அங்கேதான் கொசு கடித்ததாகவும் பையன் சொன்னான். அதற்குச் சில நாட்களுக்கு முன் வேறொரு பெற்றோர், பிள்ளைகள் கையில் குச்சியும் குவளையுமாகக் கழிப்பறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். தலைமையாசிரியை சொல்லித்தான் செய்கிறோம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் மற்ற சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் கழுவ அனுப்பப்பட்ட ஆறு பேரும் பட்டியல் சாதிப் பிள்ளைகள்.

அம்மா புகார் கொடுத்தார். தலைமையாசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் சிறார் நீதிச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. தலைமறைவாக இருந்தவர் டிசம்பர் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார்.

இந்த வழக்கு ஏன் "மாத்திட்டாங்க" என்று முடியவில்லை? ஊடக வெளிச்சம் ஒரு காரணம்தான். ஆனால் புகாரின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள். அதில் "ஆசிரியை சரியில்லை" என்ற பொதுவான வருத்தம் இல்லை. என்ன வேலை, எதை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேர், யார் பிள்ளைகள், யார் பிள்ளைகள் அனுப்பப்படவில்லை, வெளியிலிருந்து பார்த்தவர் யார் என்பதெல்லாம் இருந்தன. "பள்ளியைச் சுத்தமாக வைத்திருக்கப் பழக்குகிறோம்" என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால், 'அப்படியானால் ஏன் அந்த ஆறு பேர் மட்டும்?' என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துபோகும். ஒரு தண்டனை தவறுக்காகத் தரப்படுகிறதா, பிறப்புக்காகத் தரப்படுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. தண்டிக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுங்கள். அதே தவறைச் செய்தும் தண்டிக்கப்படாதவர்களின் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள்.

அடிப்பது சட்டப்படி குற்றம் என்பது நம் மாநிலத்தில் பழைய செய்தி அல்ல. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி ஒரு காலத்தில் பிரம்படியை அனுமதித்தது. வேண்டுமென்றே பொய் சொன்னால், ஆபாசமாக நடந்தால், அப்பட்டமாகக் கீழ்ப்படிய மறுத்தால், தலைமையாசிரியரோ அவர் மேற்பார்வையில் வேறொருவரோ உள்ளங்கையில் ஆறு அடிவரை கொடுக்கலாம் என்றிருந்தது. 2003இல்தான் அந்த விதி திருத்தப்பட்டு, பிள்ளைகளுக்கு உடல் வலியோ மன வலியோ தரக் கூடாது என்று மாறியது. இன்று நாற்பது வயதில் இருக்கும் பெற்றோர் பள்ளியில் படித்தபோது பிரம்படிக்கு விதியிலேயே இடம் இருந்தது. "நாங்க அடி வாங்காத அடியா?" என்று அவர்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் 17ஆவது பிரிவை நம் தோழர்கள் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் முதல் உட்பிரிவோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் உட்பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலளவில் தண்டிக்கவோ மனத்தளவில் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. இரண்டாவது உட்பிரிவுதான் நமக்கு வேண்டியது. அப்படிச் செய்தவர், அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்கிறது அது. அதாவது, பிள்ளையை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் பணி ஒழுங்கீனம். அலுவலகப் பணத்தைக் கையாடுவது, வேலைக்கு வராமல் கையெழுத்துப் போடுவது ஆகியவை எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில் இதுவும் வருகிறது. இதில் ஒரு வரம்பு உண்டு. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைக்காக மனு எழுதும்போது 17ஆவது பிரிவை மட்டும் நம்பாமல், திருத்தப்பட்ட 51ஆவது விதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

இனி அந்த ஒழுங்கு நடவடிக்கைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் பொருந்தும். ஆசிரியர்களின் பேச்சில் "17ஏ", "17பி" என்று அடிபடுவது இந்த விதிகள்தான். 17ஏ சிறு தண்டனைக்கானது. குறிப்பாணை கொடுப்பார்கள், ஆசிரியர் எழுத்தில் விளக்கம் தருவார், அதைப் பார்த்துக் கண்டனமோ ஊதிய உயர்வு நிறுத்தமோ போட்டு முடிக்கலாம். பெற்றோரையோ பிள்ளையையோ கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. 17பி பெரிய தண்டனைக்கானது. குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாக வரையறுத்து, எந்த ஆவணம், எந்தச் சாட்சி என்று பட்டியல் இணைத்துக் கொடுக்க வேண்டும். விசாரணை அதிகாரி இருப்பார், சாட்சிகளை விசாரிப்பார், ஆசிரியர் குறுக்கு விசாரணை செய்யலாம். பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் எல்லாம் இந்த வழியில்தான் வர முடியும்.

இந்த விதிகளின் தண்டனைப் பட்டியலில் இடமாற்றம் இல்லை. அது நிர்வாகக் காரணம் என்ற பெயரில் போடப்படும் உத்தரவு. பணியிடை நீக்கமும் தண்டனை அல்ல. விசாரணைக்கு இடையூறு வராமல் ஒதுக்கி வைப்பது மட்டுமே அது, பிழைப்பூதியமும் உண்டு. பணியிடை நீக்கம் என்ற செய்தி வந்த அன்றே பட்டாசு வெடித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் அன்றுதான் வேலை தொடங்குகிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்ததா, அது 17ஏயா 17பியா என்று கேட்க வேண்டிய நாள் அது.

ஒரு மனுவை வைத்துச் சொன்னால் இன்னும் விளங்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை. அப்பா தறிக் கூலி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று பிள்ளையை முட்டி போடச் செய்து, ஸ்கேலால் கையில் அடித்து, "உங்க தெருவுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?" என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். அம்மா எழுதிக் கொண்டுவந்த முதல் மனுவில் இருந்தது இவ்வளவுதான்: ஆசிரியர் பிள்ளைகளிடம் கடுமையாக நடந்துகொள்கிறார், தகாத வார்த்தை பேசுகிறார், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இந்த மனுவின் மீது எந்த அதிகாரியும் 17பி போட முடியாது. குற்றச்சாட்டாக எழுதுவதற்கு அதில் நாள் இல்லை, செயல் இல்லை, சாட்சி இல்லை. "கடுமையாக" என்பது கருத்து. "தகாத வார்த்தை" என்பதும் கருத்து. விசாரணையில் ஆசிரியர் "கண்டிப்பாக இருப்பேன், அவ்வளவுதான்" என்பார், கோப்பு மூடப்படும்.

உட்கார்ந்து திரும்ப எழுதினோம். எந்தத் தேதி, எந்தப் பாடவேளை. எதனால் அடித்தார், எந்தக் கையில், எத்தனை அடி. எவ்வளவு நேரம் முட்டி போட்டிருந்தாள். ஆசிரியர் சொன்ன சொற்கள், பிள்ளை சொன்னபடியே, மேற்கோள் குறிக்குள். அப்போது வகுப்பில் யார் யார் இருந்தார்கள். அன்று வீட்டுப்பாடம் எழுதாத மற்ற பிள்ளைகளுக்கு என்ன நடந்தது. கை வீங்கியிருந்ததை அன்று மாலையே தேதி தெரியும்படி படம் எடுத்திருந்தார்கள், அது இணைக்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் காட்டியபோது காயத்தின் காரணத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருந்தார் அம்மா. நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர் செய்தது அது. பெரும்பாலான பெற்றோர் "கீழே விழுந்துட்டா" என்று சொல்லி மருந்து வாங்கி வந்துவிடுகிறார்கள். பிறகு அந்தச் சீட்டே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. கடைசியாக, மனுவின் கோரிக்கையை மாற்றினோம். "தக்க நடவடிக்கை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கல்வி உரிமைச் சட்டம் 17(2)இன்படி ஒழுங்கு நடவடிக்கை தொடங்கி, விசாரணை நடத்தி, எங்களையும் சாட்சிகளாக விசாரிக்க வேண்டும் என்று எழுதினோம்.

யாரிடம் கொடுப்பது? தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தலைமையாசிரியரிடம் மட்டும் கொடுத்தால் அது பெரும்பாலும் பள்ளி வளாகத்தைத் தாண்டாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்பது நல்ல ஏற்பாடுதான். அங்கே பேசி, பேசியதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வைப்பது பயன்படும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரே தலைமையாசிரியர் என்றால் அந்தப் பதிவேடு அவர் மேசையில்தான் இருக்கும். பாலக்கரை மாதிரியான வழக்குகளில் குழுவை நம்பியிருக்க முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதியைக் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த எண்ணை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம்.

இனி, புகார்கள் உண்மையில் எங்கே சாகின்றன என்பதைச் சொல்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை என்பது அரசுக்கும் அதன் ஊழியருக்கும் இடையிலான விவகாரம். பெற்றோர் அதில் வழக்காளி அல்ல, வெறும் சாட்சி. குற்றச்சாட்டு எப்படி எழுதப்பட்டது என்று அவரிடம் காட்ட மாட்டார்கள், தீர்ப்பும் அவர் வீட்டுக்கு வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை விவரங்கள் தனிப்பட்ட தகவல் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கிரீஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் சொன்னதைக் காட்டி மறுப்பார்கள். அதனால் ஆசிரியரின் கோப்பைக் கேட்காமல், நான் இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

சாட்சி என்பதால் ஒரு பலமும் இருக்கிறது, ஒரு பலவீனமும் இருக்கிறது. சாட்சி உறுதியாக நின்றால் நடவடிக்கை நிற்கும். துறை விசாரணையில் குற்றவியல் நீதிமன்றம் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். ஒரு பிள்ளையின் தெளிவான வாக்குமூலமும் இன்னொருவர் பார்த்ததும் சேர்ந்தால் போதுமானதாகிவிடலாம். ஆனால் சாட்சி பின்வாங்கினால் எல்லாம் விழுந்துவிடும். மனு கொடுத்த நாளுக்கும் விசாரணை நாளுக்கும் இடையில் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வருவது இதனால்தான். "வாத்தியார் பொழப்பு போயிடும்மா, பாவம்." "பிள்ளை அங்கதான இன்னும் நாலு வருஷம் படிக்கணும்?" கடைசியில் "தவறான புரிதலால் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நிலமும் கூலியும் கடனும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்கள் சொல்லும் சமாதானத்தை மறுக்கும் வசதி எல்லா அம்மாக்களுக்கும் இல்லை. இதை அவர்களின் கோழைத்தனம் என்று எழுதும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, குழந்தையின் உரிமை தொடர்பான குறையை எவரும் எழுத்தில் புகார் செய்யலாம் என்கிறது. பெற்றோர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. உள்ளாட்சி அமைப்பு 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஒரு தெருவின் பத்துப் பேரோ ஒரு அமைப்போ புகார்தாரராக நின்றால், ஒரு அம்மாவின் கையெழுத்தைத் திரும்ப வாங்குவதால் கோப்பு மூடாது. இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

சாதி இருக்கும் இடத்தில் காவல் நிலையப் புகாரும் கூடவே போக வேண்டும். "துறை விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நிலையத்தில் சொன்னால் ஏற்க வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்கூட்டிய விசாரணை தேவையில்லை. அதே சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் தன் தரப்பைச் சொல்லும் உரிமையும், சாட்சிக்குப் பாதுகாப்பும் தருகிறது. துறை விசாரணை தராதது இங்கே கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது, துறை நடவடிக்கைதான் அந்த ஆசிரியர் நாளை வகுப்புக்குள் நுழைவாரா என்பதைத் தீர்மானிக்கும்.

தனியார் பள்ளியில் நிலைமை வேறு. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில், பூப்பெய்திய எட்டாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். அம்மா நேரில் போய்த் தன் கைபேசியில் அதைப் படம் பிடித்தார். பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தக் காணொளி இல்லாவிட்டால், பிள்ளையின் நலனுக்காகத்தான் தனியே உட்கார வைத்தோம் என்ற பேச்சே மிஞ்சியிருக்கும். தனியார் பள்ளியில் ஆசிரியரின் முதலாளி நிர்வாகம்தான், அரசின் 17பி அங்கே செல்லாது. அதனால் மனு இரண்டாகப் போக வேண்டும். ஒன்று நிர்வாகத்துக்கு. இன்னொன்று தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அந்தப் பள்ளியின் அங்கீகாரம் அவர் அலுவலகத்தின் பார்வையில்தான் இருக்கிறது.

"இப்படியே போனால் எந்த ஆசிரியரும் பிள்ளையைக் கண்டிக்க முடியாது" என்பார்கள். ஆசிரியர் சங்கங்களில் இருக்கும் நல்ல தோழர்களே இதைச் சொல்கிறார்கள். ஐம்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிப்பதன் சிரமம் உண்மை. பொய்ப் புகாரின் பயமும் உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து முறையான விசாரணைதான். குறிப்பாணை, சாட்சிப் பட்டியல், குறுக்கு விசாரணை எல்லாம் ஆசிரியருக்கும் பாதுகாப்பு. விசாரணையே இல்லாத இடமாற்றத்தில் குற்றமற்ற ஆசிரியர் பெயரைத் துடைத்துக்கொள்ள முடியாது, குற்றம் செய்தவர் மீது கறையும் படியாது. உழைப்பாளர் உரிமை பேசும் சங்கங்கள், 'இடமாற்றம் வேண்டாம், விசாரணை நடத்து' என்று நம்மோடு சேர்ந்து கேட்கலாம்.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தை உரிமைகள் ஆணையத்தின் வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. பள்ளிகளுக்குச் சுற்றறிக்கையும் போனது. சுற்றறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஒரு மாவட்டத்தில் ஓர் ஆண்டில் 17(2)இன் கீழ் எத்தனை மனு வந்தது, எத்தனைக்கு 17பி, எத்தனை 17ஏயில் முடிந்தது, எத்தனை வெறும் இடமாற்றம் என்று ஆசிரியர் பெயர்கள் இல்லாமல் எண்களை மட்டும் முதன்மைக் கல்வி அலுவலகம் வெளியிட்டால் போதும். யாருடைய தனியுரிமையும் கெடாது. அந்த நான்கு எண்களையும் உங்கள் மாவட்டத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான், பதில் தர 30 நாள் கெடு.